“எளிமையாக எழுதுங்கள்” என்றால் யாருக்கு? ஒரு சுகர் டெஸ்ட் தாளை வைத்துச் சில கேள்விகள்

வேலூரில் ஆய்வகங்களுக்கும் சிறு மருத்துவமனைகளுக்கும் நோயாளிகளின் கையில் கொடுக்கிற தாள்களை எழுதித் தருவது என் வேலை. ரத்தம் கொடுக்க வருவதற்கு முன் என்ன செய்வது, மாத்திரையை எப்போது விழுங்குவது, கட்டுப்போட்ட காலை எப்படி வைத்துக்கொள்வது போன்றவை. கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் “எளிமையாக இருக்க வேண்டும்” என்கிறார்கள். யாருக்கு என்று நான் திருப்பிக் கேட்டால் சிலர் விழிக்கிறார்கள், சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். அப்போது நடக்கும் பேச்சைத்தான் இங்கே கேள்வியும் பதிலுமாக எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு ஒரே ஒரு தாளை எடுத்துக்கொள்கிறேன்: சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கான தாள்.

பொதுமக்களுக்குத்தான் எழுதச் சொல்கிறோம். அதில் யாருக்கு என்று தனியாகக் கேட்க என்ன இருக்கிறது?

காலை ஏழு மணிக்கு ஆய்வக வாசலில் நின்று பாருங்கள். குடியாத்தத்திலிருந்து பீடி சுற்றும் ஓர் அம்மா வந்திருப்பார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். பக்கத்தில் பத்து வயதுப் பேத்தி இருப்பாள். அவள் கடகடவென்று படிப்பாள், படித்ததில் பாதி அவளுக்கே விளங்காது. அவர்களுக்குப் பின்னால் கொல்கத்தாவிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்த ஒருவர் நிற்பார். அவர் தன் மொழியில் பட்டம் படித்தவராக இருக்கலாம், தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் வடமாநில இளைஞர் ஒருவரும் இருப்பார். ஐந்து வருடத்தில் தமிழ் பேசக் கற்றுக்கொண்டு இப்போது மெல்லப் படிக்கவும் ஆரம்பித்திருக்கிறார்.

இவர்கள் எல்லோருக்கும் உங்கள் தாள் கடினமாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இடத்தில் கடினம். பேத்திக்கு வாசிப்பு இருக்கிறது, உலகம் தெரியாது. அந்த அம்மாவுக்கு உலகம் நன்றாகத் தெரியும், வாசிப்புப் பழக்கம் இல்லை. வெளியூர்க்காரருக்கு இரண்டும் இருக்கிறது, மொழி இல்லை. ஒருவருக்காகப் பள்ளத்தை மூடும்போது இன்னொருவருக்கு மேடாகிவிடுவது உண்டு. கேட்பது அதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. தமிழில் முதல் வினைச்சொல்லை எழுதும்போதே யாருக்கு என்று முடிவு செய்தாக வேண்டும். “தண்ணீர் குடி” என்றால் குழந்தை, “குடியுங்கள்” என்றால் பெரியவர். இரண்டுக்கும் நடுவில் ஒளிந்துகொள்வதற்காகத்தான் அலுவலகத் தமிழில் “குடிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்” என்று எழுதுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு தாள் இருக்கிறது. அதில் என்ன குறை?

ஓர் ஆய்வகத்தில் பல வருடம் கொடுத்துவந்த தாள் இப்படி இருந்தது:

“இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்கு வரும் நோயாளிகள் குறைந்தபட்சம் எட்டு மணி நேரம் உணவு உட்கொள்ளாமல் வெறும் வயிற்றுடன் வருகை தருமாறும், முதல் மாதிரி எடுக்கப்பட்ட பின் உணவருந்தி இரண்டு மணி நேரம் கழித்து இரண்டாம் மாதிரி அளிக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. தகவலும் சரிதான்: வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்க்க எட்டு மணி நேரமாவது தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போயிருக்கக் கூடாது, அடுத்த ரத்தம் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில். இருந்தும் ஒரு வாரம் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டதில் நான்கு விதமான தவறுகள் திரும்பத் திரும்ப வந்தன. பலர் டீ குடித்துவிட்டு வந்தார்கள், “டீ உணவா என்ன?” என்று கேட்டார்கள். சிலர் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தார்கள். வெயில் நாளில் அப்படி வந்தவர்களுக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் குத்த வேண்டியிருந்தது. இன்னும் சிலர் இரண்டு மணி நேரத்தைச் சாப்பிட்டுக் கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணினார்கள். எண்ண வேண்டியது சாப்பிடத் தொடங்கிய நேரத்திலிருந்து.

நான்காவது, நான் எதிர்பாராதது. பாட்டிக்காகத் தாளைப் படித்த ஒரு சிறுமி “முதல் மாதிரி எடுக்கப்பட்ட பின்” என்பதை “முன்பு எடுத்தது மாதிரியே எடுத்த பிறகு” என்று விளக்கினாள். அவளுக்கு “மாதிரி” என்றால் “போல” என்றுதான் தெரியும். ரத்தத்துக்கு மாதிரி என்று பெயர் இருப்பதை அவளிடம் யார் சொன்னார்கள்? பாட்டியும், போன தடவை மாதிரியே என்றால் ஒரு தடவை கொடுத்தால் போதும் என்று எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

குழந்தைக்குப் புரிகிற மாதிரி எழுதிவிட்டால் எல்லோருக்கும் புரிந்துவிடாதா?

புரியாது. குழந்தைக்கு எழுதுவதில் பாதி வேலை, அதற்குத் தெரியாத உலகத்தைச் சொல்லித் தருவது. பெரியவருக்கு அது ஏற்கெனவே தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரை அந்த விளக்கம் முழுவதையும் படிக்க வைப்பது தண்டனை.

1990களின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கக் காலத்தில், நான் குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாலை வகுப்புக்குத் தொண்டராகப் போய்க்கொண்டிருந்தேன். வடாற்காடு இரண்டாகப் பிரிந்து சில வருடம் ஆகியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் பீடி சுற்றும் பெண்கள். அறிவொளிப் புத்தகம் அம்மா, ஆடு, இலை என்று தொடங்கவில்லை. “பட்டா” என்ற சொல்லில் தொடங்கியது. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது அந்தப் பெண்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினை. இரண்டே இரண்டு எழுத்து வடிவத்துக்குள், நடுவில் ஒரு புள்ளியோடும் கடைசியில் ஒரு துணைக்காலோடும், அது அடங்கிவிடுகிறது. ஒருநாள் புத்தகம் போதாமல், ஒன்றாம் வகுப்புப் பாடநூலை எடுத்துப் போனேன். அணில் படம் போட்ட பக்கத்தைப் பார்த்ததும் ஓர் அம்மா புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளிவிட்டார். “இதைப் படிக்கவா இரண்டு கட்டு பீடியை விட்டுவிட்டு வந்தேன்?” என்றார். ஆயிரம் பீடிக்கு எவ்வளவு, கழிவு போக எவ்வளவு என்று மனக்கணக்கில் முதலாளியைத் திணறடிக்கிறவர் அவர்.

அதற்காகக் குழந்தைக்கு எழுத வேண்டியதே இல்லை என்று சொல்லவில்லை. சர்க்கரை நோய் குழந்தைகளுக்கும் வருகிறது. அவர்களுக்கான தாளைத் தனியாக எழுதுகிறேன், இப்படி:

“நாளைக் காலை உன் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். ஊசி குத்தும்போது வலிக்கும். சீக்கிரம் முடிந்துவிடும். நீ எதைச் சாப்பிட்டாலும் அதிலிருந்து சர்க்கரை உன் ரத்தத்துக்குப் போகும். சாப்பிடாமல் இருக்கும்போது எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று அவர்கள் பார்க்க வேண்டும். அதனால் காலையில் பால் கிடையாது, பிஸ்கட் கிடையாது, மிட்டாயும் கிடையாது. தண்ணீர் குடிக்கலாம். ரத்தம் எடுத்த பிறகு நீ சாப்பிடலாம்.”

இங்கே “ஏன்” என்பதுதான் நீளம். மிட்டாயைத் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தையின் கணக்கில் மிட்டாய் சாப்பாடு இல்லை. வலிக்காது என்று எழுதச் சொன்ன பெற்றோர்களும் உண்டு. எழுதமாட்டேன். ஒரு தடவை பொய் சொன்ன தாளை அந்தக் குழந்தை அடுத்த தடவை நம்பாது.

எழுத்துக் கூட்டிப் படிக்கிற பெரியவர்களுக்கு எழுதும்போது என்ன மாற வேண்டும்?

அவர் படிப்பதைப் பக்கத்திலிருந்து கவனித்தால் தெரிந்துவிடும். “உட்கொள்ளாமல்” என்ற சொல்லை உ, ட், கொ, ள், ளா என்று கூட்டி முடிப்பதற்குள் “எட்டு மணி நேரம்” நினைவிலிருந்து நழுவியிருக்கும். வாக்கியத்தின் வால் வரும்போது தலை போயிருக்கும். தமிழில் இது இரட்டைத் தொல்லை. ஏனென்றால் நம் வாக்கியத்தில் முடிவு கடைசியில்தான் வருகிறது. “காலையில் வருவதற்கு முன் டீ, காபி, பால் போன்றவற்றைக் குடிக்கக் கூடாது” என்று எழுதினால் கடைசிச் சொல்லை எட்டுகிறவரை அது குடிக்கச் சொல்கிற வாக்கியம் போலவே இருக்கிறது. பாதியில் களைத்து நிறுத்துகிறவர் டீ குடித்துவிட்டு வருவார். அவர் மீது தவறில்லை.

“கூடாது” என்பதை முன்னால் கொண்டுவரத் தமிழில் எளிதான வழியில்லை. வாக்கியத்தைச் சுருக்கினால் அது தானாக அருகில் வந்துவிடும். “டீ வேண்டாம். காபி வேண்டாம். பால் வேண்டாம்.” இரண்டாவது சொல்லிலேயே மறுப்பு வந்துவிட்டது. நடை தெரிந்தவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், ஒரே சொல் மூன்று தடவை வருகிறதே என்று. எழுத்துக் கூட்டுகிறவருக்கு இரண்டாவது “வேண்டாம்” இலவசம். முதல் தடவை கூட்டிப் படித்தார், அடுத்த தடவை பார்த்ததும் அடையாளம் தெரியும்.

எட்டு மணி நேரத்தைக் கடிகாரமாக மாற்றிவிடுகிறேன்: இரவு 10 மணி, காலை 7 மணி. அவருக்குக் கணக்குத் தெரியாது என்பதற்காக அல்ல. “குறைந்தபட்சம்” என்ற சொல்லைப் படிக்கும் பாடு மிச்சம்.

எழுத்து அளவும் இதில் சேரும். நாற்பதைத் தாண்டியவருக்குக் கிட்டப் பார்வை மங்கும். கண்ணாடி இல்லாமல் தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறவரைப் பார்த்துவிட்டு, படிக்கத் தெரியாதவர் என்று ஊழியர்கள் முடிவு கட்டியதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பெரிய எழுத்து, வரிகளுக்கு இடையில் தாராளமான இடம்.

அப்படியானால் பேச்சுத் தமிழிலேயே எழுதிவிட்டால் என்ன?

சொற்களைப் பேச்சிலிருந்து எடுங்கள், எழுத்தை எழுத்தாகவே விடுங்கள். “சாப்பிட்டுவிட்டு” என்ற சொல்லின் உருவத்தைச் சுவரொட்டி, பஸ், பேப்பர் என்று எங்காவது பார்த்துப் பழகியிருப்பார்கள். அதைப் பேசுகிற ஒலியிலேயே எழுதினால் ஊருக்கு ஊர் உருவம் மாறும். காட்பாடியில் ஒன்று, திருப்பத்தூரில் ஒன்று. படிக்கக் கற்றுக்கொண்டிருப்பவருக்கு அது புது எழுத்து. தமிழைப் பிறமொழியாகக் கற்கிறவருக்கோ அகராதியிலும் கிடைக்காது.

சொல்லைப் பொறுத்தவரை பேச்சுக்குத்தான் என் ஓட்டு. “இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை” என்று இந்த மாவட்டத்தில் யாரும் சொல்வதில்லை. சுகர் டெஸ்ட். “சிற்றுண்டி” என்பதும் ஓட்டல் பலகையோடு சரி. வேலூர்ப் பக்கம் காலைச் சாப்பாட்டுக்கு நாஷ்டா என்றுதான் பெயர். இந்தச் சொல்லைத் தாளில் போட்டதற்கு ஆய்வக உரிமையாளர் ஒருவர் என்னோடு சண்டைக்கு வந்தார், தரக்குறைவாக இருக்கிறதாம். மேல்விஷாரத்து உருது வீட்டுக்காரருக்கு அது சொந்தச் சொல், ஆம்பூர் இளைஞருக்கும் தெரிந்த சொல், வங்கதேசத்திலிருந்து வருகிறவரும் காலை உணவை அப்படித்தான் சொல்கிறார் என்று எடுத்துச் சொன்னேன். குடியாத்தத்து அம்மாவுக்கும் அதுவேதான். நான்கு பேருக்கும் ஒரே தடவையில் புரிகிற சொல் ஒரு தாளில் ஒன்று கிடைத்தாலே அதிர்ஷ்டம். உரிமையாளர் அரை மனதாக விட்டுக்கொடுத்தார்.

வெளிமாநிலத்தவருக்கு எளிய தமிழ் எதற்கு? மொழிபெயர்த்துக் கொடுத்தால் முடிந்ததே?

இங்கேயும் இரண்டு வகை ஆட்கள். சிகிச்சைக்காக மூன்று வாரம் வந்து தங்குகிறவருக்குத் தமிழ்த் தாள் எவ்வளவு எளிமையாக இருந்தாலும் பயனில்லை. வங்காளியிலோ இந்தியிலோ கொடுக்க வேண்டும். ஆனால் மூலம் குழப்பமாக இருந்தால் மொழிபெயர்ப்பில் குழப்பம் இரண்டாகும் என்பதால், முதலில் தமிழைச் சீர்செய்கிறேன்.

ஓர் உதாரணம். “காலையில் எதுவும் சாப்பிடாதீர்கள்” என்று ஒரு வரி. தமிழில் டீ சாப்பிடுவோம், மாத்திரை சாப்பிடுவோம். வங்காளியிலும் அப்படியே, சாப்பிடுவதற்கான சொல்லைத்தான் டீக்கும் தண்ணீருக்கும் சொல்வார்கள். ஆக அந்த வரியை நேராக வங்காளியில் வைத்தால் தண்ணீரும் தடையாகிவிடும். வாய் வறண்டு வந்து நிற்பார். இந்தியில் உண்பது வேறு, குடிப்பது வேறு. அதே வரி இந்தியில் போனால் டீக்குத் தடையே இல்லை, குடித்துவிட்டு வருவார். ஒரு வரி, இரண்டு மொழி, நேரெதிரான இரண்டு தவறு. “டீ வேண்டாம், தண்ணீர் குடிக்கலாம்” என்று பொருள்களின் பெயரைச் சொல்லிவிட்டால் எந்த மொழியிலும் தப்பாது. தண்ணீர் என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு: மேற்கு வங்கத்தில் பலர் ஜொல் என்பார்கள், வங்கதேசத்தில் பானி என்பார்கள். தாளில் இரண்டையும் போடச் சொல்கிறேன்.

எண்களிலும் கவனம் வேண்டும். வங்க எழுத்தில் நான்கு என்பது பார்ப்பதற்கு நம் 8 போலவே இருக்கும். நோயாளி தன் கையால் குறித்த நேரத்தை ஊழியர் எட்டு மணி என்று படித்தால், அது நான்கு மணியாக இருந்திருக்கலாம். வாயால் ஒரு தடவை சொல்லச் செய்வதைத் தவிர வேறு மருந்தில்லை.

இரண்டாவது வகை ஆட்களுக்குத்தான் உண்மையில் எளிய தமிழ் வேண்டும். இங்கேயே வாழ்ந்து தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்கிறவர்கள்: வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் உருது வழியில் படித்தவர்கள், ஆந்திர எல்லையோரத்துத் தெலுங்கு வீடுகளில் சிலர், வேலைக்கு வந்து ஊன்றிவிட்ட வடமாநிலத்தவர்கள். இவர்கள் நீளமான சொல்லுக்குப் பயப்படுவதில்லை. “பரிசோதனை” என்று எழுதினால் யாரையாவது கேட்டோ அகராதியைப் பார்த்தோ தெரிந்துகொள்வார்கள். அவர்களைக் கவிழ்ப்பவை நமக்கு மிக எளிதாகத் தோன்றும் சின்னச் சொற்கள். அந்த ஆம்பூர் இளைஞரை “வெறும் வயிற்றுடன்” என்ற தொடர் மடக்கிவிட்டது. வெறுங்கால் என்றால் செருப்பில்லாத கால் என்று அவருக்குத் தெரியும். ஆகவே வெறும் வயிறு? உள்ளே போனதும் சட்டையைத் தூக்கிக்கொள்ள வேண்டுமா என்று ஊழியரைக் கேட்டார். ஊழியர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய தர்க்கத்தில் ஓட்டை இல்லை.

இவர்களுக்கு இன்னொரு இடைஞ்சல் நம் எழுத்தின் சிக்கனம். க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் இடத்துக்கு ஏற்ப இரண்டு மூன்று ஒலி தரும். நமக்குத் தானாக வருகிறது. “பால்”, “பஸ்” இரண்டுக்கும் முதலில் நிற்பது ஒரே எழுத்து, ஒலி வேறு. புதிதாகப் படிக்கிறவர் சொல்லை முன்பே கேட்டிருந்தால்தான் சரியாக உச்சரிப்பார். கேட்டிராத கடன்சொல்லைத் தமிழ் எழுத்தில் மட்டும் கண்டால் திணறுவார். ஆகவே கடன்சொல் எழுதினால் வரவேற்பு மேசையில் ஊழியர் வாயிலிருந்து அன்றாடம் வருகிற சொல்லாக இருக்கட்டும்.

பாட்டிக்கும் அந்த இளைஞருக்கும் சேர்த்து ஒரே தாளாகப் போட முடியாதா? அச்சுச் செலவு இருக்கிறதே.

முக்கால் பங்கு முடியும். இதுதான் நான் கடைசியாகக் கொடுத்த தாள்:

“சுகர் டெஸ்ட்.
முதல் நாள் இரவு 10 மணிக்குள் சாப்பிட்டு முடியுங்கள்.
அதற்குப் பிறகு டீ வேண்டாம். காபி வேண்டாம். பால் வேண்டாம்.
தண்ணீர் குடிக்கலாம்.
காலை 7 மணிக்கு வாருங்கள். ரத்தம் எடுப்போம்.
பிறகு நாஷ்டா சாப்பிடுங்கள். சாப்பிடத் தொடங்கும்போது மணி பாருங்கள்.
அதிலிருந்து 2 மணி நேரம் ஆனதும் இங்கே மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும்.
இரண்டு தடவை ரத்தம் எடுத்தால்தான் டெஸ்ட் முடியும்.”

ஆறாவது வரிக்காக ஒரு நாள் முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டேன். முதலில் “முதல் வாய் வைத்ததும் மணி பாருங்கள்” என்று எழுதியிருந்தேன். குடியாத்தத்து அம்மாவிடம் படித்துக் காட்டியபோது அவர் கண்ணில் இட்லி தெரிந்தது. இரண்டு மணி நேரம் எங்கிருந்து என்ற சந்தேகமே எழவில்லை. “சாப்பிடத் தொடங்கும்போது” என்பது அவருக்குக் கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது: சோறு போட்டுக்கொண்டதும் தொடக்கமா, உட்கார்ந்ததும் தொடக்கமா? ஆனால் அந்த இளைஞர் “முதல் வாய்” என்பதைப் படித்துவிட்டு இரண்டாவது வாய் எது என்று கேட்டார். பாட்டிக்கு ஒளி தந்த சொல் அவருக்கு இருட்டு.

ஒரே தாள் என்றால் அந்த இடத்தில் ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். நான் பாட்டியை விட்டுக்கொடுக்கச் செய்தேன். அவருக்கு மங்கலாகத் தெரிந்தால் சில நிமிடம்தான் தவறும், இளைஞருக்கோ வரி முழுவதும் போய்விடும். மேலும் பாட்டிக்கு ஊழியர் வாயால் “முதல் வாய் வைக்கும்போது பாருங்கள் அம்மா” என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லச் சொல்லி மேசையில் ஒரு குறிப்பும் ஒட்டினேன். குழந்தையை மட்டும் இந்தத் தாளில் சேர்க்கவே இல்லை. அதற்கு “நீ” வேண்டும், “ஏன்” வேண்டும். இரண்டுக்கும் இங்கே இடமில்லை.

படித்தவர்கள் இதைப் பார்த்தால் நம்மைக் குறைவாக நினைக்கமாட்டார்களா?

இந்தக் கவலை எழுதச் சொல்கிறவருக்குத்தான் இருக்கிறது, படிக்கிறவருக்கு இல்லை. முதல் தடவை டெஸ்டுக்கு வந்த கல்லூரிப் பேராசிரியர் ஒருவரும் டீ குடித்துவிட்டுத்தான் வந்தார். அவர் எழுத்துக்குப் புதியவர் இல்லை, விஷயத்துக்குப் புதியவர். “புதியவர்” என்று நீங்கள் சொல்லும்போது இந்த இரண்டில் எது என்றும் கேட்பேன். விஷயத்துக்குப் புதியவருக்கு நீளமான வாக்கியம் தொல்லையில்லை, சொல்லாமல் விட்டதுதான் தொல்லை. தாளில் டீ என்று ஒரு சொல் இருந்திருந்தால் அவர் அடுத்த நாள் மறுபடி வந்திருக்க வேண்டாம்.

ஒரு வாக்கியத்துக்கு இத்தனை சொல் என்று ஏதாவது அளவு இருக்கிறதா?

ஆங்கிலத்துக்கு இருக்கிறது. ஒரு வாக்கியத்தில் எத்தனை சொல், ஒரு சொல்லில் எத்தனை அசை என்று எண்ணி மதிப்பெண் போடும் சூத்திரத்தை ருடால்ஃப் ஃப்ளெஷ் 1948இல் கொடுத்தார். தமிழுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. “போகவேண்டியிருந்ததால்” என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல், பிரித்தால் மூன்று. சேர்த்து எழுதினால் வாக்கியம் குறுகியதாக மதிப்பெண் வாங்கும், படிப்பவர் மூச்சுத் திணறுவார்.

1930இல் சி. கே. ஆக்டன் 850 சொற்களில் ஓர் ஆங்கிலம் செய்து காட்டினார். அது பிறமொழிக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்தது. சொற்கள் குறைவு என்பதற்காக அது குழந்தைக்கும் எளிது என்று ஆகிவிடாது. குறைந்த சொற்களைக் கூட்டிக்கூட்டிப் புதுப் பொருள் சொல்ல வேண்டியிருக்கும், அப்படிக் கூட்டியதைப் பிரித்து உணரப் பெரியவரின் அறிவு வேண்டும்.

எழுதியது புரிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

“புரிந்ததா?” என்று மட்டும் கேட்காதீர்கள். புரிந்தது என்றுதான் பதில் வரும். வெள்ளைச் சட்டைக்கு முன்னால் நின்று புரியவில்லை என்று யார் சொல்வார்கள்?

தாளைக் கொடுத்துப் படிக்க விட்டு, பிறகு வாங்கிக்கொண்டு, “நாளைக்குக் காலையில் என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேளுங்கள். அவர் சொந்த வார்த்தையில் சொல்லட்டும். குழந்தையிடமும் அப்படியே. தாளில் உள்ள வாக்கியத்தையே குழந்தை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தால் அதைத் தேர்ச்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, சந்தேகப்பட வேண்டும். தமிழ் கற்கிறவரிடம் மட்டும் வார்த்தையால் சொல்லச் சொல்வது நியாயமில்லை; புரிந்திருந்தும் சொல்ல வராமல் போகலாம். அவரிடம் கடிகாரப் படம் ஒன்றைக் கொடுத்து முள்ளை வரையச் சொல்கிறேன்.

ஒரு வகைக்கு ஐந்தாறு பேர் போதும். அதே வரியில் இரண்டு பேர் தடுக்கினால் வரியை மாற்றுகிறேன். “மாதிரி” போனது அப்படித்தான். மேலே உள்ள தாளின் கடைசி வரி வந்ததும் அப்படித்தான். முதல் ரத்தம் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

சுகர் மாத்திரையைக் காலையில் போடுவதா வேண்டாமா? அதையும் எளிமையாக எழுதித் தருவீர்களா?

தாளில் அந்த வரி இல்லாததைக் கவனித்துக் கேட்டீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். மாத்திரையும் இன்சுலினும் ஆளுக்கு ஆள் மாறும். என்ன செய்வது என்று மருத்துவர் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் கேட்டபோது ஒருவர் ஒன்று சொன்னார், இன்னொருவர் வேறு சொன்னார். அவர்களுக்குள் முடிவாகாததை நான் அழகான குறுவாக்கியத்தில் எழுதினால் அது முடிவான உத்தரவு போல ஆகிவிடும். பழைய தாளின் மங்கலான நடையாவது நோயாளியைக் கேள்வி கேட்க வைத்திருக்கும். ஆகவே கீழே ஒரு கோடு மட்டும் விட்டேன்: “சுகர் மாத்திரை, ஊசி:” என்று போட்டு, பக்கத்தில் வெற்றிடம். மருத்துவர் கையால் எழுத வேண்டும். பல தாள்களில் அது இன்னும் வெற்றிடமாகவே திரும்பி வருகிறது என்று வரவேற்பில் இருக்கும் பெண் சொன்னார்.